விண்டோ அளவை மாற்றினால் இழைநயமே மாறுகிறது. எந்த ஸ்பெக்ட்ரோகிராமை அத்தியாயத்தில் வைப்பது?

நிலாஒலி
மின்னணு இசையின் ஒலிநிறம், இழைநயம் பற்றிய ஆய்வேட்டு அத்தியாயத்தில் சிக்கி நிற்கிறேன். நான் எடுத்த படைப்பில் 12 நொடிப் பகுதி ஒன்று. காதுக்கு அது கரகரவென்று, தட்டில் மணிகளைக் கொட்டுவது போலக் கேட்கிறது. ஆனால் சோனிக் விஷுவலைசரில் விண்டோ 8192 வைத்தால் நெருக்கமான கிடைக்கோடுகள், ஏறத்தாழ 25 ஹெர்ட்ஸ் இடைவெளியில். அதை நம்பி "நீடித்த ஒத்திசை ஒலிநிறம்" என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். நேற்று 1024-க்கு மாற்றினேன், கிடைக்கோடுகள் மறைந்து செங்குத்துக் கோடுகள் வந்துவிட்டன. அதே வேவ் கோப்பு, 44.1 கிலோஹெர்ட்ஸ். எதை நம்புவது?

தாளக்கட்டை
ஓவர்லேப்பைக் கூட்டுங்கள், ஜீரோ பேடிங்கும் சேருங்கள். நேரம், அலைவெண் இரண்டும் ஒரே படத்தில் தெளிவாக வந்துவிடும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

பழையநாடா
ஓவர்லேப் கூட்டினால் படம் வழவழப்பாகும், அது சரி. ஆனால் ஒட்டி நிற்கும் இரண்டு கோடுகளை அது பிரித்துத் தராது. விண்டோவுக்குள் எவ்வளவு ஒலி நுழைகிறதோ அதற்குள்தான் தகவல் இருக்கிறது. ஜீரோ பேடிங் இருக்கும் புள்ளிகளுக்கு நடுவே இன்னும் புள்ளி வைக்கும், அவ்வளவே.

நிலாஒலி, இரண்டு படமும் உண்மை. 8192 மாதிரிகள் என்றால் 186 மில்லிநொடி. நொடிக்கு 25 துடிப்பு இருந்தால் துடிப்புக்குத் துடிப்பு 40 மில்லிநொடி, ஆக ஒரு விண்டோவுக்குள் நாலைந்து துடிப்புகள் விழும். தனித்தனியாகப் பார்க்க வழியில்லாததால் அவற்றின் சீரான திரும்பல் கிடைக்கோடுகளாகத் தெரிகிறது. 1024 என்பது 23 மில்லிநொடி. அதற்குள் ஒரு துடிப்புக்கு மேல் நுழையாது, அதனால் ஒவ்வொன்றும் செங்குத்தாக நிற்கிறது.

சந்தேகம் தீர, செயற்கைத் துடிப்பு ஒன்றை உருவாக்கி அதே அமைப்பில் பாருங்கள்:

```python
import numpy as np
from scipy.io import wavfile
fs = 44100
x = np.zeros(fs * 5, dtype=np.float32)
x[::1764] = 0.9
wavfile.write("pulse25.wav", fs, x)
```

பிறகு ஒவ்வொரு துடிப்பையும் 10 மில்லிநொடி வரை முன்னும் பின்னும் தாறுமாறாக நகர்த்தி இன்னொரு கோப்பு செய்யுங்கள். முதல் கோப்பில் கோடுகள் உச்சி வரை கூர்மையாக ஏறும். இரண்டாவதில் அடியில் மட்டும் கொஞ்சம் கோடு தேறும், மேலே கலங்கிய பரப்புதான். ஆக, கிடைக்கோடு உங்களுக்குச் சொல்வது துடிப்புகள் எவ்வளவு சீராக விழுகின்றன என்பதை. "நீடித்த" என்ற சொல்லைத்தான் எடுக்க வேண்டும், கோடுகளை எடுக்க வேண்டாம்.

ஸ்டாக்ஹவுசனின் 'கொண்டாக்டே' (1958–60) கேட்டிருப்பீர்கள். 17-வது நிமிடத்தை ஒட்டி ஒரு சுருதி இறங்கி இறங்கி, தனித் துடிப்புகளாக உதிரும். உங்கள் பகுதி அந்த எல்லையில் நிற்கிறது, அதனால்தான் இத்தனை குழப்பம்.

சிறுவிசை
எனக்கும் இதே பிரச்சினை! என் படத்தில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இல்லை. இசையமைப்பாளர் ஃபில்டர் போட்டிருக்கிறார் என்று எழுதலாமா?

பழையநாடா
உங்களுடையது வேறு கதை. கத்தி வைத்து வெட்டியது போல ஒரே உயரத்தில், தொடக்கம் முதல் முடிவு வரை காலியாக இருந்தால் முதலில் எம்பி3 சுருக்கத்தைச் சந்தேகப்படுங்கள். எம்பி3-ஐ வேவாக மாற்றினாலும் போனது திரும்பாது. மூலப் பதிப்பை வாங்கிப் பார்க்காமல் எழுதாதீர்கள்.

நிலாஒலி
இரண்டு கோப்பையும் செய்து பார்த்தேன். என் பகுதியில் முதல் 7 நொடி சீரான கோப்பைப் போலவே இருக்கிறது. அதன் பின் மேலிருந்து கோடுகள் கலங்கத் தொடங்கி, 10-வது நொடியில் அடியில் மட்டும் மிஞ்சுகின்றன. 1024 படத்திலும் அங்கே செங்குத்துக் கோடுகளின் இடைவெளி தாறுமாறு. துடிப்பின் ஒழுங்கு குலைவதுதான் இந்தப் பகுதியின் நகர்வு என்று எனக்கு முன்னால் தோன்றவே இல்லை. அந்த இரண்டு பக்கத்தையும் அழித்துவிட்டு இதிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு சிக்கல்: பகுதிக்கு ஒரு படம்தான் என்கிறார் என் நெறியாளர்.

தாளக்கட்டை
அப்படியானால் இடையில் 2048 வைத்துவிடுங்களேன்.

பழையநாடா
46 மில்லிநொடி, 40-க்கு மிக அருகில். கோடுகளும் பிரியாது, துடிப்பும் மங்கும். இரண்டையும் ஒரே நேர அச்சில் மேலும் கீழுமாக வைத்து ஒரே படமாக எண்ணிடுங்கள். டெசிபல் வரம்பு இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும், இல்லையென்றால் கலங்கல் எது, மங்கல் எது என்று தெரியாது. விண்டோ அளவைப் படத்தின் கீழேயே எழுதுங்கள்.

நிலாஒலி
செய்கிறேன். இதை ஒலிநிறம் என்ற தலைப்பில் வைப்பதா, இழைநயத்தில் வைப்பதா?

பழையநாடா
நான் இழைநயம் என்பேன். ஆனால் முதல் 7 நொடியில் எனக்கு ஒரு தாழ்ந்த உறுமல் சுருதியாகவே கேட்கும் என்று நினைக்கிறேன். அதை உங்கள் காதுதான் முடிவு செய்ய வேண்டும்.