மேனேஜர் பதவி இல்லை, டீமை நடத்தியது நான்: பயோவில் எப்படி எழுதுவது?

அல்சூர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரிலிருந்து முனிச்சுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. புது ஆபீஸில் உள்பக்கத்தில் போட ஐந்து வரியில் என்னைப் பற்றி எழுதித் தரச் சொல்கிறார்கள். அப்படியே லிங்க்ட்இன்னையும் சரிசெய்யலாம் என்று உட்கார்ந்தேன். அங்கேதான் சிக்கல்.

மான்யதாவில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் இருந்தேன். ரிலீவிங் லெட்டரில் சீனியர் சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்றுதான் இருக்கிறது. ஆனால் கடைசி இரண்டு வருஷம் ஐந்து பேர் கொண்ட டீமை நான்தான் பார்த்துக்கொண்டேன். மேனேஜர் புனேயில் இருந்தார், அவர் கையில் மூன்று ப்ராஜெக்ட். யாருக்கு என்ன வேலை, எது ரிலீஸுக்குப் போகலாம், இரவில் சிஸ்டத்தில் ஓடும் ஜாப் பாதியில் விழுந்தால் யார் எழுந்திருப்பது, எல்லாம் என் பொறுப்பு. அப்ரைசல் மட்டும் அவர்.

நான் எழுதியது இது: "குழுவின் ஒருங்கிணைப்பில் முக்கியப் பங்காற்றினேன், இளையவர்களுக்கு உதவினேன்." படித்துப் பார்த்தால் டீ வாங்கிக் கொடுத்தவள் மாதிரி இருக்கிறது. மேனேஜர் என்று போட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

மாரத்தஹள்ளி மாமா:
இதுக்குப் போய் இவ்வளவு யோசனையாம்மா? இன்ஜினியரிங் மேனேஜர்னு போடு. செய்த வேலை அதுதானே. ரெக்ரூட்டர் தேடும்போது பதவிப் பெயரை வைத்துத்தான் தேடுவான், பயோவில் மேனேஜர் என்ற சொல்லே இல்லையென்றால் உன் பக்கமே வரமாட்டான். பயோவை எவன் போய் வெரிஃபை செய்கிறான்? இங்கே பேங்க் ஆபீஸ்களில் வைஸ் பிரசிடென்ட் என்று கார்டு வைத்திருப்பவனுக்குக் கீழே ஒரு ஆள்கூட இருக்கமாட்டான். உனக்கு ஐந்து பேர் இருந்தாங்க.

கனடா போனவன்:
தங்கச்சி, ரெஃபரன்ஸ் லெட்டரில் பதவியைவிட வேலை விவரம்தான் முக்கியம். நான் கனடாவில் குடியேற எக்ஸ்பிரஸ் என்ட்ரி போட்டபோது பழைய கம்பெனியிடம் பதவி, வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எல்லாம் போட்டு லெட்டர் வாங்கினேன். என் பதவிப் பெயர் ஒன்று, செய்த வேலை வேறு. கனடா அரசின் தொழில் பட்டியலில் வேலை விவரத்துக்குப் பொருந்துகிற என்ஓசி கோடைத்தான் எடுத்தேன். லெட்டர் கிடைக்கவில்லையென்றால் கூட வேலை பார்த்தவரிடம் அஃபிடவிட் வாங்கலாம்.

அல்சூர்வாசி:
அண்ணா, நான் விசா முடித்து வந்தாச்சு, இது வெறும் பயோதான். ஆனாலும் பதவி வேறு, செய்த வேலை வேறு என்று நீங்கள் சொன்னது எனக்கும் பொருந்துகிறது.

இந்திராநகர் எச்ஆர்:
ஆள் எடுக்கிற பக்கம் நிறைய வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மாமா சொன்னதில் பாதி சரி. பயோவைத் தனியாக யாரும் சரிபார்ப்பதில்லை. ஆனால் அடுத்த வேலைக்குப் போகும்போது பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் நடந்தால், பழைய கம்பெனியிடம் முதலில் கேட்பது சேர்ந்த தேதி, விலகிய தேதி, டெசிக்னேஷன். லிங்க்ட்இன்னில் மேனேஜர், லெட்டரில் சீனியர் இன்ஜினியர் என்றால் ஆள் பொய் சொல்கிறார் என்றுதான் எங்கள் கண்ணில் படும். நீங்கள் உண்மையிலேயே டீமை நடத்தியிருந்தாலும் அது அடிபட்டுப் போகும். அதனால் பதவி என்ற கட்டத்தில் லெட்டரில் உள்ளதே இருக்கட்டும். நடத்தியதையெல்லாம் அதற்குக் கீழே வேலை விவரத்தில் எழுதுங்கள், அங்கே கை கட்ட வேண்டியதில்லை.

என்ன எழுதுவது என்பதற்கு நான் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி ஒன்று. நீங்கள் ஒரு வாரம் லீவில் போனபோது உங்கள் இடத்தில் மற்றவர்கள் என்னென்ன செய்ய வேண்டியிருந்தது? போவதற்கு முந்தைய நாள் ஒரு ஹேண்டோவர் மெயில் போட்டிருப்பீர்களே, அதில் இருந்தவைதான் உங்கள் தலைமைப் பொறுப்பு. பங்காற்றினேன், ஒருங்கிணைத்தேன் என்று அந்த மெயிலில் ஒரு வார்த்தை இருந்திருக்காது. "செவ்வாய் ரிலீஸுக்கு ஓகே சொல்ல வேண்டியது இவர், கிளையன்ட் காலை எடுக்க வேண்டியது அவர்" என்றுதான் இருந்திருக்கும். பழைய ஆபீஸ் மெயிலைத் தேடி எடுக்கவோ யாரையாவது அனுப்பச் சொல்லவோ வேண்டாம், அது கம்பெனி சொத்து. நினைவிலிருந்து எழுதுங்கள், போதும்.

அல்சூர்வாசி:
அக்கா, இந்தக் கேள்வி நன்றாக இருக்கிறது. தங்கை கல்யாணத்துக்கு லீவு போட்டபோது நான் ஒப்படைத்தவை: காலை ஸ்டாண்டப் நடத்துவது, புது டிக்கெட்டுகளைப் பிரித்துக் கொடுப்பது, இரண்டு ஃப்ரெஷர்களின் கோடை ரிவ்யூ செய்வது, ஆன்கால் அட்டவணை, ரிலீஸுக்கு ஆமாம் இல்லை சொல்வது, கிளையன்டுடன் மதிய கால். லீவு அனுமதி, அப்ரைசல், ஆள் எடுப்பது எதுவும் என்னிடம் இல்லை. அப்ரைசல் நேரத்தில் யார் எப்படி என்று மேனேஜர் என்னிடம் குறிப்பு கேட்பார், அவ்வளவுதான்.

இந்திராநகர் எச்ஆர்:
இதில் கனமானது ரிலீஸ் முடிவு. ரிலீஸை நிறுத்தும் அதிகாரம் உங்களிடம் இருந்தது என்றால் படிப்பவருக்கு நீங்கள் யார் என்று புரிந்துவிடும். அதை முதலில் வையுங்கள். ஸ்டாண்டப் நடத்தியதை விட்டுவிடுங்கள், அதைச் செய்யாத ஆளே கிடையாது.

அப்ரைசலுக்குக் குறிப்பு கொடுத்ததை பயோவில் போடாதீர்கள். போட்டால் அடுத்த கேள்வி அங்கேயே வரும்: ஒருவர் சரியாக வேலை செய்யாதபோது என்ன செய்தீர்கள், ரேட்டிங் யார் கொடுத்தார்? மேனேஜர் என்று போட்டவர்கள் தடுமாறுகிற இடம் இதுதான். டைரக்ட் ரிப்போர்ட்ஸ் எத்தனை பேர் என்று கேட்டால் பூஜ்யம் என்று உடனே சொல்லிவிடுங்கள். "முறைப்படி யாரும் இல்லை, ஐந்து பேரின் அன்றாட வேலையையும் ரிலீஸையும் நான் முடிவு செய்தேன்" என்று ஒரே மூச்சில் சொல்பவரை யாரும் மேற்கொண்டு துருவமாட்டார்கள்.

ஆங்கிலத்தில் எழுதும்போது லெட் என்று போடலாம், மேனேஜ்டு வேண்டாம். இரண்டாவதைப் பார்த்தால் சம்பளம், ரேட்டிங், லீவு எல்லாம் உங்களிடம் இருந்தது என்று நினைப்பார்கள். ஹெல்ப்டு, இன்வால்வ்டு என்ற இரண்டையும் தூக்கிப் போடுங்கள்.

அப்புறம் அந்த ஐந்து என்ற எண். இரண்டு வருஷமும் ஐந்து பேரேவா?

அல்சூர்வாசி:
இல்லை, ஆரம்பத்தில் நாலு. நடுவில் டெஸ்டர் ஒருவர் வந்தார். கடைசி மூன்று மாதம் ஆறு பேர்.

இந்திராநகர் எச்ஆர்:
அப்படியென்றால் நாலு முதல் ஆறு பேர் என்றே எழுதுங்கள். வந்து போனவர்களையெல்லாம் கூட்டிப் பத்து பேர் என்று போடுகிறவர்கள் உண்டு. பழைய டீம் ஆள் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டாலே அது உடைந்துவிடும்.

ஸ்டுட்கார்ட் பசவனகுடி:
நானும் பெங்களூர்தான். ஜெர்மனியில் இருக்கிறவருக்கு இந்தக் குழப்பமே வேண்டாம். இங்கே இரண்டையும் வேறு வேறாகவே பார்க்கிறார்கள். தொழில்நுட்ப ரீதியாக வழிநடத்துவது ஃபாக்லிஷ ஃப்யூருங். லீவு, சம்பளம், எச்சரிக்கைக் கடிதம் வரை கையில் இருப்பது டிசிப்ளினாரிஷ ஃப்யூருங். முதலாவதை மட்டும் ரெஸ்யூமில் போடுவது சாதாரணம், யாரும் அதைக் குறைவாகப் பார்ப்பதில்லை. உங்கள் பயோவின் ஜெர்மன் வடிவத்தில் ஃபாக்லிஷ ஃப்யூருங், நாலு முதல் ஆறு பேர் என்று ஒரு வரி போதும். கேட்பார்கள் என்று எச்ஆர் அக்கா சொன்ன கேள்விகளுக்கெல்லாம் அதிலேயே பதில் வந்துவிடும்.

இன்னொன்று. மேனேஜர் என்று போட்டுவிட்டு இன்டர்வியூவுக்குப் போனால் பெர்சொனால்ஃபெரான்ட்வோர்டுங் இருந்ததா என்று கேட்பார்கள். ஆள்களின் பொறுப்பு உங்களிடம் இருந்ததா என்பதுதான் கேள்வி. ஆமாம் என்று சொல்ல முடியாது, இல்லை என்றால் பதவி பொய்யாகிவிடும்.

அல்சூர்வாசி:
ரொம்ப நன்றி. இப்போது எழுதியிருப்பது:

"பெங்களூரில் சீனியர் சாஃப்ட்வேர் இன்ஜினியராக இருந்தபோது, வங்கி ஒன்றின் இரவு நேர செட்டில்மென்ட் ஜாப்களைப் பார்த்துக்கொண்ட 4 முதல் 6 பேர் கொண்ட குழுவை இரண்டு ஆண்டுகள் வழிநடத்தினேன். வேலையைப் பிரித்துக் கொடுத்தேன், ரிலீஸ்களுக்கு இறுதி ஒப்புதல் கொடுத்தேன், இரண்டு புதியவர்களை ஆன்கால் எடுக்கும் அளவுக்குத் தயார்செய்தேன். ஜாப்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டாமல் இணையாக ஓட்டும் டிசைனைக் கொண்டுவந்து, 6 மணி நேர ஓட்டத்தை 2 மணி நேரமாகக் குறைத்தேன்."

இந்திராநகர் எச்ஆர்:
முதல் இரண்டு வாக்கியமும் கச்சிதம். ஃப்ரெஷர்களுக்கு உதவினேன் என்று முன்பு சொன்னதற்கும், ஆன்கால் எடுக்கும் அளவுக்குத் தயார்செய்தேன் என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

மூன்றாவதில் ஒரு சந்தேகம். அந்த டிசைன் முழுக்க உங்களுடையதா? வழிநடத்தினேன் என்று தொடங்கிவிட்டால், கை தானாகவே டீம் செய்ததையும் நான் என்று எழுதிவிடும். உங்கள் கீழ் வேலை பார்த்த யாராவது ஒருவருக்கு இதை அனுப்பிப் பாருங்கள். அவர் முகம் சுளிக்காமல் படித்தால் பயோ சரி.

அல்சூர்வாசி:
அனுப்பினேன். ஃப்ரெஷராக வந்த பையன் உடனே பதில் போட்டான்: "அக்கா, எல்லாம் சரி, ஆனா எந்த ஜாப் எதுக்காகக் காத்திருக்குன்னு சார்ட் போட்டது நான்தானே?" ஆமாம், அவன்தான். அதைப் பார்த்துத்தான் எதையெல்லாம் இணையாக ஓட்டலாம் என்று நான் முடிவு செய்தேன், கிளையன்டிடமும் பேசி வாங்கினேன். அதனால் கடைசி வாக்கியம் இப்போது இப்படி: "ஜாப்களை இணையாக ஓட்டலாம் என்று முடிவெடுத்து கிளையன்டிடம் ஒப்புதல் பெற்றேன், எங்கள் குழு 6 மணி நேர ஓட்டத்தை 2 மணி நேரமாகக் குறைத்தது."

மாரத்தஹள்ளி மாமா:
சரிம்மா, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லிங்க்ட்இன்னில் பெயருக்குக் கீழே ஹெட்லைன் வருமே, அது டெசிக்னேஷன் இல்லையே. அங்கேயாவது டீம் லீட் என்று போடலாமில்லையா? தேடுபவன் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

இந்திராநகர் எச்ஆர்:
ஹெட்லைன் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. சீனியர் இன்ஜினியர் என்று முதலில், டீம் லீட் அனுபவம் என்று அடுத்து.

ஸ்டுட்கார்ட் பசவனகுடி:
நான் போடமாட்டேன். அவர் இப்போது இருக்கிற புது கம்பெனியில் டீம்லைட்டர் என்று ஒரு பதவியே இருக்கும், அதில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். சேர்ந்த புதிதில் ஹெட்லைனில் டீம் லீட் என்று பார்த்தால் இந்த டீமுக்கா என்று கேட்பார்கள்.

மாரத்தஹள்ளி மாமா:
கேட்டால் பெங்களூரில் என்று சொல்லட்டும்! இதுக்கெல்லாம் பயந்தால் எப்படி?

அல்சூர்வாசி:
ஆபீஸ் பக்கத்தில் பயோ போட்டாச்சு. ஹெட்லைனை ப்ரொபேஷன் முடிகிறவரை தொடப் போவதில்லை, அப்புறம் பார்க்கலாம். கனடா அண்ணா, அந்த ரெஃபரன்ஸ் லெட்டரை வேலையை விட்ட பிறகு கேட்டு வாங்கினீர்களா, இருக்கும்போதேவா? என் புனே மேனேஜரும் பேப்பர் போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவர் போவதற்குள் செய்த வேலைகளைப் போட்டு ஒரு லெட்டர் வாங்கி வைக்கலாமா என்று பார்க்கிறேன்.

கனடா போனவன்:
விட்ட பிறகுதான், அதனால்தான் மாதக்கணக்கில் இழுத்தது. இன்றைக்கே மெயில் போடு தங்கச்சி. வேலை விவரத்தை நீயே எழுதி அனுப்பு, அவர் திருத்திக் கையெழுத்துப் போட்டால் போதும். கம்பெனி லெட்டர்ஹெட்டில் தர எச்ஆர் மறுத்தால், அவரைத் தன் பெயரில் எழுதித் தரச் சொல்.