ROAS 4 காட்டியது, கையில் நஷ்டம்

தறிக்காரன்:
இரண்டு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன். விளம்பரத் திரையின் ROAS கட்டத்தில் 4 என்று நின்றது. 100 செலவழித்தால் 400க்கு விற்பனை. நான் சட்டை விற்பவன். 100க்கு விற்றால் துணி, தையலுக்கு 52, பொதிந்து அனுப்ப 14, பணம் வாங்கித் தரும் தளத்துக்கு 2 போக 32 மிஞ்சும். 400க்கு 128. விளம்பரத்துக்கு 100 போனாலும் 28 லாபம் என்று நோட்டில் எழுதியிருந்தேன். வங்கி இருப்பு மட்டும் மெலிந்துகொண்டே போனது.

ஆர்டர் விழுந்த நொடியில் திரை அதை விற்பனையாக எழுதிக்கொள்கிறது. அளவு சேரவில்லை என்று திரும்பி வந்த சட்டைகளை நான் அதில் கழிக்கவே இல்லை. ஐந்தில் ஒன்று திரும்பியிருந்தது. நிலைத்த விற்பனை 320. அதில் மிச்சம் 102.40. திரும்பிய 80க்கு, போகவும் வரவும் கூரியர் 22.40. கடைசியில் கையில் 80. விளம்பரத்துக்குக் கொடுத்ததோ 100! சட்டைகளை மறுபடி விற்க முடிந்தது, அந்த மட்டில் பிழைத்தேன்.

இரவுப்பறவை:
இவ்வளவு குழப்பம் எதற்கு? 3க்குக் கீழே போனால் நிறுத்துவேன், மேலே போனால் பணத்தைக் கூட்டுவேன். சோப்பு விற்கிறேன், இதுவரை சறுக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
அந்த 3 உங்கள் சோப்புக்குச் சரியாக இருக்கலாம், எல்லாருக்கும் அல்ல. 100ஐ, 100க்கு விற்றால் வரும் மிச்சத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் நஷ்டம் வராத ROAS எல்லைக்கோடு. 32 மிஞ்சுகிறது என்று தறிக்காரன் நினைத்தவரை 3.13 போதும். உண்மையில் 400க்கு 80, அதாவது 100க்கு 20தான் மிஞ்சியது, ஆகவே 5 வேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அந்தத் தளம் தன் 2ஐப் பிடித்துக்கொண்டதா என்றும் பாருங்கள். பிடித்திருந்தால் 5ம் போதாது.

நான் கணக்குப் பார்த்த ஒருவர் கைப்பேசியும் அதற்கான உறையும் விற்றார். கைப்பேசிக்கு ROAS 6, மிச்சம் 100க்கு 15. உறைக்கு ROAS 2, மிச்சம் 60. விளம்பரத்தில் போட்ட ஒவ்வொரு 100க்கும் கைப்பேசி 90ஐயும் உறை 120ஐயும் திருப்பித் தந்தன. அவர் நிறுத்தியது உறை விளம்பரத்தை!

நீலவானம்:
எனக்கும் ROAS இறங்குகிறது. படத்தை மாற்றினால் ஏறுமா?

கணக்குப்பிள்ளை:
ஏறலாம். ஏறினால் லாபமா என்பதுதான் இங்கே பேச்சு. உங்களுக்கு 100க்கு எவ்வளவு மிஞ்சுகிறது?

நீலவானம்:
பார்த்ததில்லை.

இரவுப்பறவை:
சரி, மறுபடி வாங்குகிறவர்களை எங்கே சேர்ப்பீர்கள்? முதல் ஆர்டரில் நஷ்டப்பட்டாலும் மூன்றாவது ஆர்டரில் எடுத்துவிடுகிறேன்.

கணக்குப்பிள்ளை:
நூறு பேரில் எத்தனை பேர் மூன்றாவது ஆர்டர் வரை வருகிறார்கள் என்று எண்ணியிருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவரை சரக்கு வாங்கப் பணம் தாங்குமா என்பது வேறு கேள்வி.

இரவுப்பறவை:
எண்ணியதில்லை. ஆனாலும் வருகிறார்கள்.

தறிக்காரன்:
விளம்பரத்தை இன்னும் நிறுத்தவில்லை. சட்டைப் படத்துக்குக் கீழே மார்பளவு, தோளளவு அட்டவணை வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை இந்த மாத லாபத்தை நோட்டில் பென்சிலால்தான் எழுதுகிறேன்.