முகவரியைப் புள்ளியாக்குவதற்குத் தமிழில் என்ன பெயர்? ‘ஜியோகோடிங்’ குறித்து

அனைவருக்கும் வணக்கம்.

நான் முத்தியால்பேட்டையில் செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். வாரம் இரண்டு நாள் 64 வீடுகளுக்கு எண்ணெய் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அந்த வீடுகளின் முகவரிகளைக் கூகுள் ஷீட்டிலிருந்து மை மேப்ஸில் ஏற்றி, எந்தப் பக்கத்துக்கு எந்த வண்டி போவது என்று பிரிப்பதற்காக, வண்டி ஓட்டும் தம்பிகளுக்கு ஒரு செய்முறைக் குறிப்பைத் தமிழில் எழுதி வருகிறேன். ‘ஜியோகோடிங்’ என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டேன். முதலில் ‘புவிக்குறியிடல்’ என்று எழுதினேன். படித்த தம்பி, “மேப்பில் குறி போடுவதுதானே அண்ணா” என்றார். அவர் அப்படிப் புரிந்துகொண்டதால் வந்த இடர் சிறிதல்ல என்பதால்தான் இங்கே கேட்கிறேன்.

சென்ற வாரம் 64 வரிகளை ஏற்றியபோது, மூன்று வரிகளை வரைபடத்தில் காட்ட இயலவில்லை என்று மை மேப்ஸ் அறிவித்தது. அம்மூன்றையும் திருத்திவிட்டு, மற்ற 61-உம் சரியாக இருப்பதாக நம்பினோம். உண்மையில் இலாசுப்பேட்டையைச் சேர்ந்த ஒன்பது வீடுகள் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, பார்வைக்கு ஒரே குறியாகத் தெரிந்தன. ‘காந்தி வீதி, புதுச்சேரி’ என்று மட்டும் இருந்த ஒரு வரி காரைக்காலுக்குப் போயிருந்தது. குறி விழுந்துவிட்டது, இடம்தான் கிடைக்கவில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லும் சொல் வேண்டும்.

டி.ம., முத்தியால்பேட்டை

*

அன்புடையீர்,

‘புவிக்குறியிடல்’ ஏற்கெனவே புழங்கும் சொல்; அதை மாற்றினால் தேடுபவர்க்குக் குழப்பமே மிஞ்சும். தங்கள் சிக்கலுக்குக் காரணம் சொல் அன்று, அஞ்சல் குறியீட்டெண் இல்லாமையே. நான் அஞ்சல் துறையில் இருந்தவன். ஒவ்வொரு வரியிலும் 605008 போன்ற எண்ணைச் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு வீடும் தன் இடத்தில் போய் அமரும்.

ஆ.சு., மஞ்சக்குப்பம், கடலூர்

*

ஐயா ஆ.சு. அவர்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். அஞ்சல் எண் இருந்திருந்தால் அந்தக் காந்தி வீதி காரைக்காலுக்குப் போயிருக்காது. ‘புதுச்சேரி’ என்பது நகரத்தின் பெயராகவும், காரைக்கால், மாகே, ஏனாம் ஆகியவற்றையும் உள்ளடக்கிய ஆட்சிப் பகுதியின் பெயராகவும் இருப்பதால், அந்த மயக்கத்தை எண் தீர்த்துவைக்கும். ஆனால் ஓர் எண் ஒரு வட்டாரம் முழுவதற்கும் உரியது. தெருப்பெயரோ வீட்டு எண்ணோ தேடுபொறிக்குப் பிடிபடாதபோது, அது அந்த வட்டாரத்தின் நடுவில் ஒரு புள்ளியைக் கொடுத்துவிட்டுத் தன் வேலை முடிந்ததாக எண்ணிக்கொள்கிறது. அந்த ஒன்பது வீடுகளுக்கும் நேர்ந்தது இதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே இங்கே நடப்பவை இரண்டு செயல்கள். முகவரியைப் படித்து அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கண்டுபிடிப்பது ஒன்று. அதை ‘இடமறிதல்’ என்பேன். அந்த எண்களில் குறியை நடுவது மற்றொன்று. அதற்குப் ‘புள்ளியிடல்’ போதும். மை மேப்ஸ் இரண்டையும் ஒரே மூச்சில் செய்வதால் முதற்செயலின் தரம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஷீட்டிலேயே இடமறிதலைத் தனியே செய்தால் தரமும் கூடவே வரும். ‘ஆப்ஸ் ஸ்கிரிப்ட்’டில் இதை இட்டுப் பாருங்கள்:

```
function PULLI(a) {
  var r = Maps.newGeocoder().setRegion('in').geocode(a);
  if (r.status != 'OK') return r.status;
  var g = r.results[0].geometry;
  return [[g.location.lat, g.location.lng, g.location_type]];
}
```

முழு முகவரி H2-இல் இருந்தால் `=PULLI(H2)` என்பது மூன்று கட்டங்களை நிரப்பும். 64 வரிகளுக்கும் ஒரே நேரத்தில் இடாமல் பத்துப் பத்தாக இடுங்கள். அடுத்தடுத்துக் கேட்டால் மறுத்துவிடும். கிடைத்ததை உடனே மதிப்புகளாக மட்டும் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் கட்டத்தில் `ROOFTOP` என்று வந்தால் வீட்டையே கண்டுபிடித்திருக்கிறது. `APPROXIMATE` என்றால் ஊரையோ வட்டாரத்தையோதான். இவற்றுக்கு ‘வாசற்புள்ளி’, ‘ஊர்ப்புள்ளி’ என்று பெயர் வைக்கலாம். இடைப்பட்ட `RANGE_INTERPOLATED` என்பதைத் ‘தெருப்புள்ளி’ எனலாம். வண்டி ஓட்டுபவருக்குத் தேவையான சொற்கள் இவைதாம் என்பது என் துணிபு.

வே.ந., நில அளவைப் பணியாளர், புதுச்சேரி

*

வணக்கம் அண்ணா. நான் வில்லியனூரில் 22 வீடுகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எந்த வீட்டுக்கு முதலில் போவது, எதற்கு அடுத்துப் போவது என்ற வரிசையை மேப் தானே சொல்வதற்குத் தமிழில் என்ன பெயர்? நீங்கள் பேசுவது அதைத்தானே? மை மேப்ஸில் வழி காட்டச் சொன்னால் பத்து இடங்களுக்கு மேல் சேர்க்க முடியவில்லை. சேர்த்த பத்தையும் நான் கொடுத்த வரிசையிலேயே வைத்துக்கொள்கிறது.

செ., வில்லியனூர்

*

செ. அவர்களுக்கு: அது வேறு செயல், அம்மா. ஒரு வழியடுக்கில் பத்து இடங்கள் என்பது மை மேப்ஸின் வரம்பு. அது வரிசையைத் தானாக மாற்றியமைக்காது. 22 வீடுகளை மூன்று அடுக்குகளாகப் பிரித்து, வரிசையை நீங்களே இழுத்து அமைக்க வேண்டியதுதான். ‘வழி வரிசைப்படுத்தல்’ என்று அதைத் தனி இழையில் பேசலாம். ஆனால் ஊர்ப்புள்ளிகளை வைத்துக்கொண்டு வரிசைப்படுத்தினால் அந்த வரிசையும் பொய்யாகும்.

வே.ந.

*

வே.ந. ஐயா சொன்னபடி செய்து பார்த்தேன். 64-இல் வாசற்புள்ளி 27, தெருப்புள்ளி 6, ஊர்ப்புள்ளி 14. மீதி 17 வரிகளில் `GEOMETRIC_CENTER` என்று வந்தது. அவற்றுள் சில அந்தத் தெருவின் நடுவிலும், சில முழு நகர்ப்பகுதியின் நடுவிலும் இருந்தன. ஆகவே இந்தச் சொல்லை வைத்து மட்டும் நம்பிவிட முடியாது என்று தெரிந்தது. அட்சரேகை I-இலும் தீர்க்கரேகை J-இலும் இருந்ததால், `=COUNTIFS(I:I,I2,J:J,J2)` என்று இட்டு, ஒன்றுக்கு மேல் வந்த வரிகளைத் தனியே எடுத்தேன். ஒரே அடுக்குமாடியிலுள்ள மூன்று வீடுகள் முறையாகவே ஒன்றாக இருந்தன. மற்றவை குவிந்து விழுந்தவை.

தேடும்போது இன்னொன்றும் அகப்பட்டது. ‘12/3’ என்ற கதவு எண்ணை ஷீட் தேதியாக எடுத்துக்கொண்டிருந்தது. கட்டத்தில் பார்ப்பதற்கு 12/3 போலவே தெரிந்தாலும், முகவரியை இணைக்கும் சூத்திரத்தில் அது 46,000-ஐ ஒட்டிய ஓர் எண்ணாகப் போய்ச் சேர்ந்தது. கதவு எண் நிரலை முதலிலேயே ‘எளிய உரை’ வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தட்டச்சிட வேண்டும். பிறகு மாற்றினால் பழைய எண் அப்படியே திரும்பும் என்று நம்ப முடியாது. ஐந்து வரிகளை இப்படி மீண்டும் தட்டச்சிட்டேன்.

ஊர்ப்புள்ளி வீடுகளுக்குத் தம்பிகள் அடுத்த முறை போகும்போது வாசலில் நின்று கைப்பேசியில் எண்களை எடுத்து ஷீட்டிலேயே எழுதிவிடுவார்கள். மை மேப்ஸில் குறியைக் கையால் இழுத்து வைத்தால் அது வரைபடத்தில் மட்டுமே மாறும். ஷீட்டை மறுபடி ஏற்றும்போது பழைய இடத்துக்கே போய்விடும். இனி ஏற்றும்போது முகவரி நிரலைக் காட்டாமல், அட்சரேகை, தீர்க்கரேகை நிரல்களை மட்டும் காட்டுவோம்.

என் குறிப்பில் ‘இடமறிதல்’, ‘புள்ளியிடல்’, ‘வாசற்புள்ளி’, ‘ஊர்ப்புள்ளி’ நான்கையும் எழுதிவிட்டேன். தம்பிகள் அன்றே பேச்சில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அந்த 17-க்கு மட்டும் பெயரில்லை.

டி.ம.

*

‘நடுப்புள்ளி’ எனலாமே. ஆனாலும் ‘இடமறிதல்’ எனக்கு உவப்பில்லை. முகவரியிலிருந்து என்ற பொருள் அதில் இல்லை. கைப்பேசி தான் இருக்கும் இடத்தை அறிவதையும் அதே சொல்லால் சொல்ல நேரும். ‘புவிக்குறியிடல்’ சொல்லகராதிக்கு இருக்கட்டும். மற்றப் புள்ளிகளின் பெயர்களை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆ.சு.

*

ஐயா கேட்டது சரி. ‘முகவரியிடமறிதல்’ நீளம், ‘முகவரித்தேர்வு’ வேறு பொருள் தரும். நடுப்புள்ளியை ஏற்கிறேன், தெருவின் நடுவா பகுதியின் நடுவா என்பதை அருகில் எழுதவேண்டும் என்ற நிபந்தனையுடன். முதற்சொல்லுக்கு வேறு யாரேனும் சொல்லுங்கள்.

வே.ந.