இந்தியாவில் மட்டும் மறைந்த காணொளியைத் திரும்பப் பெறுவது எப்படி?

காட்பாடி வாசகர்:
பாலாற்றில் தோல் ஆலைக் கழிவுநீர் கலக்கும் இடத்தைப் பற்றி நான் வெளியிட்ட 11 நிமிடக் காணொளி, செவ்வாய்க்கிழமை முதல் வேலூரில் திறக்கவில்லை. நீதிமன்ற உத்தரவால் இந்த நாட்டில் கிடைக்காது என்ற வரி மட்டும் கறுப்புத் திரையில் தெரிகிறது. சிங்கப்பூரிலுள்ள என் தங்கையோ அதை முழுமையாகப் பார்க்கிறாள். எனக்குச் சம்மன் எதுவும் வரவில்லை. நான் எங்கே முறையிட வேண்டும்?

ஆற்காடு வாசகர்:
எதிர் அறிவிப்பு அனுப்புங்கள், இரண்டு வாரங்களில் திரும்பிவிடும். பாட்டு உரிமைப் புகாரில் எனக்கு அப்படித்தான் திரும்பியது. அதுவரை வேறு பெயரில் மீண்டும் ஏற்றிவிடலாம்.

சத்துவாச்சாரி வழக்கறிஞர்:
எதிர் அறிவிப்பு பதிப்புரிமைப் புகாருக்கு மட்டுமே பொருந்தும். நீதிமன்றத்தின் தடையைக் காணொளித் தள நிறுவனத்தால் தானாக நீக்க முடியாது. மீண்டும் ஏற்றவே ஏற்றாதீர்கள். தடையை மீறியதாக முடிவானால் சொத்து ஜப்தியும் 3 மாதம் வரை சிவில் சிறையும் நேரலாம்.

நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சலில் வழக்கு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணை இ-கோர்ட்ஸ் தளத்தில் இட்டால் உத்தரவும் அடுத்த வாய்தாவும் தெரியும். பெயர் தெரியாத பிரதிவாதியை நம் நீதிமன்றங்களில் ‘அசோக் குமார்’ என்று குறிப்பிடுவது வழக்கம் என்பதால், பட்டியலில் உங்கள் பெயர் இல்லையென்று விட்டுவிடாதீர்கள். அப்போது உங்களைப் பிரதிவாதியாகச் சேர்க்க ஒரு மனுவும், சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 39, விதி 4-இன்கீழ்த் தடையை நீக்க ஒரு மனுவும் அதே நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். வாதி முக்கியமான ஒன்றைத் தெரிந்தே தவறாகச் சொல்லி, உங்களைக் கேட்காமலே தடை பெற்றிருந்தால், அதுவே அதை நீக்கப் போதுமான காரணம். வெட்டாத மூலப்பதிவைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

ராணிப்பேட்டை வாசகர்:
என் பதிவை அரசு உத்தரவால் மறைத்திருக்கிறார்கள். உத்தரவின் நகலைக் கேட்டால் இரகசியம் என்கிறார்கள். எனக்கும் இதே வழிதானா?

சத்துவாச்சாரி வழக்கறிஞர்:
இல்லை. அது பதிவுகளை மறைக்க அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவாக இருந்தால், 2009ஆம் ஆண்டு விதிகளில் 16ஆவது விதியைக் காட்டித்தான் நகலை மறுப்பார்கள். ஆனால் 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்று ஏற்றபோது, காரணங்கள் எழுத்தில் இருப்பதால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு வழியாக அவற்றைக் கேள்வி கேட்கலாம் என்பதையும் கணக்கில் கொண்டது. நகல் கைக்கு வருமா என்பதை நான் உறுதியளிக்க மாட்டேன்.

காட்பாடி வாசகர்:
மின்னஞ்சலில் எண் கிடைத்தது, ஐயா. வழக்கு டெல்லியில் இருக்கிறது. மூன்றாவது பிரதிவாதி அசோக் குமார். சேனல் பக்கத்திலேயே என் மின்னஞ்சல் முகவரி இருந்தும் ஆலை நிர்வாகம் எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. ஆலையும் ஆறும் இங்கே இருக்க, அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்று கேட்கலாமா?

சத்துவாச்சாரி வழக்கறிஞர்:
கேட்கலாம், ஆனால் அங்கேயேதான் கேட்க வேண்டும். அவர்கள் எழுதாததையும் மனுவில் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். உங்களைக் கேட்காமல் தந்த தடை மனுவை 30 நாட்களுக்குள் முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்று அதே ஆணை 39-இன் விதி 3ஏ சொல்கிறது. நடைமுறையில் அது பலமுறை தள்ளிப்போகிறது. நீக்க உத்தரவு வந்ததும் அதன் நகலை நிறுவனத்துக்கு நீங்களே அனுப்புங்கள்.