கொட்டேஷன் கேட்டு அனுப்பிய மெயிலில் விட்டுப்போன ஒரு வரி: உங்களுக்கு நடந்ததுண்டா?

வெயில்நடை

ஃபீல்டு ஏஜென்சிக்குக் கொட்டேஷன் மெயில் எழுதியவர்களும் வாங்கியவர்களும்தான் இங்கே அதிகம், அதனால் விளக்கமெல்லாம் வேண்டாம், நேரே வருகிறேன். நான்கு மாவட்டம், கிராமமும் வார்டுமாக 120 இடம், இடத்துக்கு 20 வீடு, மொத்தம் 2,400. நேரில் போய் டேப்லெட்டில் ஒரு மணி நேரப் பேட்டி. பத்து சதவீதம் பேக் செக். ஐந்து ஏஜென்சிக்கு அனுப்பினேன், மூன்று பேர் பதில் போட்டார்கள். ஒரு வீட்டுக்கு ஒருவர் 780 ரூபாய், ஒருவர் 1,450, இன்னொருவர் 2,100. ஒரே வேலைக்கு இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும் என்று அப்போதே உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எங்கள் ஆபீசில் குறைந்த விலைக்குத்தான் ஃபைல் நகரும். 780க்கே கொடுத்தோம்.

இரண்டாவது வாரம் ஒரு கிராமத்துக்குச் சொல்லாமல் போய் நின்றேன். சூப்பர்வைசர் நோட்டில் 20 வீடும் வரிசையாக இருந்தன. மாரியம்மன் கோயிலில் ஆரம்பித்து வலது கைப் பக்கமாக நாலு வீட்டுக்கு ஒன்று. அந்த நோட்டை வாங்கிக்கொண்டு நானும் நடந்தேன். இருபதாவது வீடு பால் சொசைட்டி பக்கத்தில் முடிந்தது. அங்கே நின்று ரோட்டுக்கு எதிரே பார்த்தால் தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பின்னால் காலனி. ஊரின் வீடுகளில் மூன்றில் ஒரு பங்காவது அங்கேதான் இருக்கும். "அந்தப் பக்கம் ஒரு வீடுகூட இல்லையா தம்பி?" என்று கேட்டேன். அவன் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோயில்ல இருந்து ஆரம்பிச்சா அங்க போகாது சார்" என்றான். மழை பெய்தால் நனையும் என்கிற மாதிரி சொன்னான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மெயிலை எடுத்துப் படித்தேன். "20 வீடுகளை ரேண்டமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறேன். எந்தப் பட்டியலிலிருந்து, அந்தப் பட்டியலை யார் எடுப்பது, ஒரு வார்த்தை இல்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்ததா?

ஏஜென்சிக்காரன்

அந்த 1,450 ரூபாய்க்காரர் லிஸ்டிங்கையும் சேர்த்துப் போட்டிருப்பார், அவ்வளவுதான். கணக்கு சுலபம். ஒரு மணி நேரப் பேட்டி என்றால் ஒரு ஆள் நாளைக்கு நாலு வீடு முடிப்பான், ஆகவே 2,400க்கு 600 ஆள்நாள். ஆனால் ஒரு கிராமத்துக்குள் போய் மேப் வரைந்து, எல்லா வீட்டையும் வரிசைப்படுத்தி எழுத இரண்டு பேருக்கு ஒன்றரை நாள் ஆகும். 120 இடத்துக்கு அது 360 ஆள்நாள். உங்கள் வேலை பாதிக்கும் மேலே கூடிவிட்டது, மெயிலில் அதற்கு ஒரு வரி கிடையாது. அந்த வரி இல்லாதபோது லிஸ்டிங் போட்டுக் கொட்டேஷன் கொடுக்கிறவன் தோற்பான். நான் பலமுறை தோற்றிருக்கிறேன்.

என் விஷயம் வேறு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு மெயில் வரும், திங்கள் காலைக்குள் விலை வேண்டும், கேள்வித்தாள் "இறுதி செய்யப்படுகிறது". சுமார் 45 நிமிடம் என்று போட்டிருந்ததை நம்பி ஒருமுறை விலை கொடுத்தேன். பைலட்டுக்கு நானே போனேன். முதல் வீடு கூட்டுக் குடும்பம், 11 பேர். வேலை, படிப்பு, நோய் என்று மூன்று பகுதியையும் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகக் கேட்கச் சொல்கிறது அந்தக் கேள்வித்தாள். ஒரு மணி ஐம்பது நிமிடம். ஏழாவது ஆளுக்கு வரும்போது அந்த அம்மா எழுந்து உலையில் அரிசி போடப் போய்விட்டார், எங்கள் பெண் அடுப்படி வாசலில் நின்றுகொண்டே கேட்டாள். அந்த மெயிலை அனுப்பியவர் தன் சொந்த வீட்டில் ஒருமுறை கேட்டுப் பார்த்திருந்தால் 45 என்று எழுதியிருக்க மாட்டார்.

டேஷ்போர்டு

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு கவலை? ஜிபிஎஸ் கட்டாயம், ஆடியோ கட்டாயம் என்று மெயிலில் போட்டுவிட்டால் யாரும் ஏமாற்ற முடியாது. நான் அப்படித்தான் போடுவேன். ஒருமுறை ஒரே நாளில் ஒரே டீக்கடைக்குள் ஏழு பேட்டி விழுந்திருந்தது, மேப்பில் ஏழு புள்ளியும் ஒன்றின் மேல் ஒன்று. அன்றைக்கே ஆளை மாற்றச் சொன்னேன். வெயில்நடைக்கு என் யோசனை, சாம்பிளை 3,000 ஆக்கியிருந்தால் காலனி வீடும் தானாக வந்திருக்கும்.

வெயில்நடை

தானாக எப்படி வரும்? கோயிலிலிருந்து நடந்தால் 25 வீடு ஆனாலும் அதே பக்கம்தான். எண்ணிக்கை கூடினால் தப்பு இன்னும் உறுதியாக நிற்கும், அவ்வளவுதான். இந்தக் கிராமத்தில் எல்லாப் பேட்டியும் உண்மையாக நடந்தது, ஜிபிஎஸ் சரி, நேரம் சரி, யாரும் ஏமாற்றவில்லை. ஆள் அங்கே நின்றான் என்பதைத்தான் ஜிபிஎஸ் சொல்லும். நிற்க வேண்டிய வீடு அதுதானா என்று அதற்கு எப்படித் தெரியும்?

டீக்கடையைக் கண்டுபிடித்தது நல்ல வேலைதான், அதை மறுக்கவில்லை.

மூன்றாம்விசிட்

நான் எட்டு வருடம் இன்வெஸ்டிகேட்டராக ஓடியவள். இதை எங்கேயும் சொன்னதில்லை. பூட்டியிருந்தால் வேறு வேறு நேரத்தில் மூன்று முறை போக வேண்டும், பக்கத்து வீட்டை எடுக்கக் கூடாது என்று விதி. நல்ல விதிதான். எங்களுக்கு முடிந்த பேட்டிக்கு 150 ரூபாய், பேட்டா தனி. பூட்டிய வீட்டுக்கு எத்தனை முறை நடந்தாலும் காசு இல்லை.

ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் மில்லுக்குப் போகிறவர்கள். காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை போய்விட்டேன். இரவு எட்டு மணிக்குமேல் வந்தால் இருப்பார்கள் என்று எதிர்வீட்டுப் பாட்டி சொன்னார். கடைசி பஸ் ஏழரைக்கு. பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "மூன்றாம் முறை, பூட்டு, மாலை 7.50" என்று டேப்லெட்டில் அழுத்தினேன். அப்போது மணி நாலு. "எழுதிட்டியா கண்ணு, மோர் குடிச்சிட்டுப் போ" என்றார். குடித்தேன். இப்போதும் மில் பஸ்ஸைப் பார்த்தால் அந்த மோர்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

மில்லுக்குப் போகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் விட்டுப்போவார்கள். வீட்டில் இருக்கிற வயதானவர்கள் நிறைய வருவார்கள். ஏஜென்சி அண்ணா, நீங்கள் லிஸ்டிங்குக்குக் காசு கேட்கிறீர்கள், சரி. பூட்டிய வீட்டுக்கு எங்களுக்குக் கொடுத்திருக்கிறீர்களா?

ஏஜென்சிக்காரன்

கொடுத்ததில்லை தங்கச்சி. கிளையன்ட் எனக்கு முடிந்த பேட்டிக்குத்தான் கொடுக்கிறார்.

ஊஞ்சல்பலகை

நான் இந்தத் துறை இல்லை, எங்கள் வீட்டுக்கு சர்வே வந்ததால் எழுதுகிறேன். ஒரு பெண் வந்து அப்பாவிடம் முக்கால் மணி நேரம் பேசினாள், அப்பா சந்தோஷமாகப் பதில் சொன்னார். நாலு நாள் கழித்து ஏதோ நம்பரிலிருந்து போன். "உங்கள் வீட்டில் எத்தனை பேர், கடைசிப் பையனுக்கு என்ன வயது?" அப்பா உடனே, "ஓடிபி கேக்குறவன்தானே நீ, போலீஸ்ல சொல்றேன்" என்று கட் பண்ணிவிட்டார். அடுத்த தடவை அடித்ததும் "எங்க வீட்டுக்கு யாரும் வரல" என்று சொல்லிவிட்டார்! அந்தப் பெண் வேலைக்கு ஏதாவது ஆகியிருக்குமா? இது ரேஷன் கார்டு சர்வேதானே?

பழையநோட்டு

ரேஷன் கார்டு இல்லை, வந்தது பேக் செக், அதாவது பேட்டி நிஜமாக நடந்ததா என்று சிலரை மறுபடி கேட்டுப் பார்ப்பது. ஆமாம், அந்தப் பெண்ணுக்குச் சிக்கல் வந்திருக்கலாம்.

எனக்கு நடந்தது சின்னது. ஒரு பேக் செக் அறிக்கையில் 240 வீட்டுக்கு 240ம் பொருந்தியது. ஒரு வயதுகூட மாறவில்லை. நிஜத்தில் ஒரே ஆளை இரண்டு முறை கேட்டாலே வயது மாறும். பிறகு பார்த்தால் முதல் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அதே சூப்பர்வைசர் "சரிபார்த்திருக்கிறார்".

அதனால் வெயில்நடை, நீங்கள் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். "பத்து சதவீதம் பேக் செக்" என்ற வரியால் பிரயோஜனம் இல்லை. யார் செய்வது என்று எழுதுங்கள், பேட்டி எடுத்த ஏஜென்சியிடமே கொடுக்காதீர்கள். ஏஜென்சிக்காரர் கோபித்தாலும் பரவாயில்லை. எந்த இன்வெஸ்டிகேட்டரும் தப்பாதபடி ஒவ்வொருவர் பேட்டியிலும் சிலவற்றை எடுக்க வேண்டும், அதுவும் முதல் வாரத்திலிருந்தே, ஏனென்றால் கடைசியில் கண்டுபிடித்தால் டீம் கலைந்து போயிருக்கும். முதல் பதிலைக் காட்டக் கூடாது. கேட்பது நாலு நாளில் மாறாத விஷயமாக இருக்கட்டும், கூரை ஓடா தளமா, வீட்டில் எத்தனை பேர், வந்தவர் எவ்வளவு நேரம் இருந்தார். போனவாரச் செலவைக் கேட்டால் உண்மையான பேட்டியும் பொருந்தாது. பேட்டி முடியும்போதே "எங்கள் ஆபீசிலிருந்து இந்த நம்பரில் கூப்பிடுவார்கள்" என்று ஒரு சீட்டு கொடுக்கச் சொல்லுங்கள், ஊஞ்சல்பலகை அப்பா மாதிரி ஆட்கள் பயப்பட மாட்டார்கள். போன் எடுக்காத வீட்டுக்கு நேரில் போக வேண்டும். பொய் என்று தெரிந்தால் அந்த இன்வெஸ்டிகேட்டர் எடுத்த எல்லாப் பேட்டியையும் ஏஜென்சி தன் செலவில் திரும்ப எடுக்க வேண்டும், இதையும் மெயிலிலேயே போட்டுவிடுங்கள். ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மாற்று வீடு விஷயத்துக்குத் தேசிய குடும்பநல ஆய்வைப் பாருங்கள். முதலில் வீட்டுப் பட்டியல், பிறகு கிளஸ்டருக்கு 22 வீடு, கிடைக்காத வீட்டுக்கு மாற்று கிடையாது.

ஏஜென்சிக்காரன்

கோபமெல்லாம் இல்லை. தன் செலவில் திரும்ப எடுக்கணும் என்றால் அதையும் விலையில் சேர்ப்பேன். பூட்டிய வீட்டுக்குத் தனி ரேட் போட ஒரு கட்டம் உங்கள் கொட்டேஷன் படிவத்தில் இருக்கிறதா? "ஒரு சாம்பிளுக்கு விலை" என்று ஒரே கட்டம்தான் எல்லாரும் வைக்கிறீர்கள்.

தேசிய ஆய்வோடு ஒப்பிடாதீர்கள், அந்த பட்ஜெட் வேறு.

வெயில்நடை

ஒரே கட்டம்தான். அதைக் கவனிக்கவே இல்லை.

கிராமத்திலிருந்து வந்தபிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எல்லா ஜிபிஎஸ் புள்ளியையும் சாட்டிலைட் படத்தின் மேல் வைத்துப் பார்த்தோம், டேஷ்போர்டுக்கு இதில் நன்றி சொல்ல வேண்டும். படத்தில் கூரைகள் இரண்டு மூன்று கொத்தாகத் தெரியும்போது புள்ளிகள் மட்டும் ஒரே கொத்தில் விழுந்திருந்த கிராமங்கள் 31. கூடுதல் பணம் 12 கிராமத்துக்குத்தான் கிடைத்தது. அந்த 12லும் குக்கிராமம், காலனி எல்லாவற்றையும் சேர்த்துப் பட்டியல் எடுத்து மறுபடி 20 வீடு தேர்ந்தெடுத்தோம். மீதி 19 அப்படியே அறிக்கைக்குள் போய்விட்டது, ஒரு அடிக்குறிப்போடு.

இந்த முறை புது மெயிலில் லிஸ்டிங்குக்கு ஒரு விலை, முடிந்த பேட்டிக்கு ஒரு விலை, மூன்று முறை போயும் கிடைக்காத வீட்டுக்கு ஒரு விலை என்று மூன்று கட்டம் வைத்து எழுதியிருக்கிறேன். "சென்றமுறை 780க்கு முடிந்த வேலைதானே?" என்று கணக்குப் பிரிவிலிருந்து குறிப்பு போட்டு ஃபைல் திரும்பி வந்திருக்கிறது. இன்னும் பதில் எழுதவில்லை.

மூன்றாம்விசிட்

மூன்றாவது கட்டத்தில் எங்கள் கைக்கு எவ்வளவு வரும் என்பதையும் போடச் சொல்லுங்கள் சார். இல்லையென்றால் அது ஏஜென்சியோடு நின்றுவிடும்.