அரங்கேற்ற உடுப்புக்கு வந்த சுங்க வரி

ஸ்காபரோ அம்மா:
மகளின் அரங்கேற்றத்துக்காகச் சென்னையில் தைப்பித்த பரத உடுப்பு போன வாரம் கூரியரில் வந்தது. விலை 300 கனடா டொலர். அனுப்பும் செலவையும் கடைக்கே கட்டியிருந்தேன். வாசலில் வந்தவர் இன்னும் 152 டொலர் கேட்டார். அரங்கேற்றத்துக்கு ஒன்பது நாளே இருந்ததால் கட்டிவிட்டேன். பிறகு சீட்டைப் பார்த்தால் வரி 100 டொலர்தான். மீதி 52 டொலர் கூரியர்காரர் தமக்கு எடுத்த தரகுக் கட்டணம். யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

லண்டன் சித்தப்பா:
அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் வரி போடுவார்கள், பிள்ளை. அடுத்த முறை கடைக்காரரிடம் ‘அன்பளிப்பு, 20 டொலர்’ என்று எழுதச் சொல்லுங்கள்.

மார்க்கம் அண்ணா (சுங்கத் தரகு வேலையில் பல வருடம்):
சித்தப்பா சொல்வது பிரிட்டனில் உள்ள முறை. இங்கே அனுப்பும் செலவு பற்றுச்சீட்டில் தனியாக இருந்தால் அதற்கு வரி இல்லை. அன்பளிப்பு என்று பொய் எழுதவும் வேண்டாம், தங்கச்சி. விலைக்கு வாங்கியது அன்பளிப்பு ஆகாது. பிடிபட்டால் பொதியே போய்விடும். வழியில் தொலைந்தாலும் எழுதிய 20 டொலரைத்தான் கேட்கலாம்.

உங்கள் வரிக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. உடுப்புக்கு 18 வீதச் சுங்கம், 54 டொலர். விலையும் சுங்கமும் சேர்ந்த 354 டொலருக்கு ஒன்ராறியோவின் 13 வீத விற்பனை வரி, 46 டொலர். இதே பொதி சாதாரணத் தபாலில் வந்திருந்தால் இந்த நூறோடு கனடா தபாலின் 9.95 டொலர் மட்டும்தான். அதனால் கடையில் முதலில் கேட்க வேண்டியது, தபாலா கூரியரா என்பதே.

கூரியர்தான் என்றால் வாசலில் பணம் கட்டாதீர்கள். நானே சுங்கத்தில் விடுவித்துக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லி, பொதியின் பத்திரங்களை வாங்கிக்கொண்டு எல்லைச் சேவை அலுவலகத்துக்குப் போய் வரியைக் கட்டுங்கள். அந்த ரசீதைக் காட்டினால் பொதியைத் தருவார்கள். அரை நாள் அலைச்சல், ஆனால் தரகுக் கட்டணம் இல்லை.

பிரம்டன் வாசகர்:
நான் 15 டொலருக்கு ஒரு நாவல் வரவழைத்தேன். 20 டொலர் வரை வரி இல்லை என்றார்கள், ஆனாலும் போட்டார்கள். இதையும் அந்த அலுவலகத்தில் கேட்கலாமா?

மார்க்கம் அண்ணா:
அந்தச் சலுகை புத்தகத்துக்கும் சஞ்சிகைக்கும் இல்லை, தம்பி. போட்டது சரிதான். ஆனால் புத்தகத்துக்கு 13 வீதம் இல்லை, 5 வீதம்தான். அதற்கு மேல் போயிருந்தால் மட்டும் கேளுங்கள். தபாலில் வந்த பொதி என்றால் அதில் ஒட்டியிருக்கும் E14 என்ற சுங்கச் சீட்டை எறியாதீர்கள். எந்த மதிப்பில் எந்த வகைப் பொருளாகக் கணக்கிட்டார்கள் என்பது அதில் இருக்கும்.

ஸ்காபரோ அம்மா:
நன்றி அண்ணா. தலைசாமானும் ஒட்டியாணமும் இன்னும் சென்னையில்தான் இருக்கின்றன. தபாலில் அனுப்பச் சொல்லி இன்றே எழுதுகிறேன். உடுப்போடு அணிவது என்பதால் அதற்கும் 18 வீதமா, அல்லது நகைக்கு வேறு வீதமா?

மார்க்கம் அண்ணா:
வேறு வகை, வேறு வீதம். எந்த உலோகம், என்ன பூச்சு என்று பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அது தெரியாமல் நான் தொகை சொல்ல மாட்டேன்.