காசிமேட்டு வெயிலில் கேமரா அணைந்துபோகிறது

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மூன்று நாளாக ஆவணப்படம் எடுக்கிறோம். மிரர்லெஸ் கேமரா, 4கே, நொடிக்கு 60 ஃபிரேம். காலை 10 மணிக்கு மேல் 20 நிமிடத்திலேயே வெப்ப எச்சரிக்கை வந்து தானாக அணைந்துவிடுகிறது. வெளியே எடுத்தால் கார்டு கையைச் சுடுகிறது.

குடை பிடித்தோம், வெள்ளைத் துணி போர்த்தினோம், திரையைக் கேமராவிலிருந்து விலக்கித் திறந்து வைத்தோம். 25 ஃபிரேமுக்கு இறக்கினால் 40 நிமிடம் தாங்குகிறது; ஆனால் வலை இழுக்கும் காட்சியை மெதுவாக ஓட்ட 60 வேண்டும். நேற்று பேட்டரிகளை ஐஸ் பெட்டியில் வைத்தேன். வெளியே எடுத்ததும் கடல்காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படிந்தது, முனைகளைத் துடைத்துக் காயவைத்துத்தான் போட முடிந்தது. இனி அது வேண்டாம். புழுதிக்குப் பயந்து கார்டை ஆட்டோவுக்குள் உட்கார்ந்தே மாற்றுகிறேன், அதில் சிக்கல் இல்லை.

ஈரம் படியாமல் கேமராவையும் பேட்டரியையும் சூடு தணிக்க, உங்கள் அனுபவத்தில் பலித்த வழி என்ன?